சென்னைக்கு வந்த வாரம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடையநல்லூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூர் வந்து சேர்ந்தேன். கீழ்ப்பாக்கத்தில் சித்தி வீடு. நாளைக்குக் கிண்டியில் கல்லூரி முதல் நாள். சித்தப்பா ஒரு தாளில் வழி எழுதிக் கொடுத்தார்: கீழ்ப்பாக்கத்தில் மெட்ரோ ரயிலின் பச்சை வழித்தடம், மூன்றாவது நிலையம் சென்ட்ரல். அங்கே இறங்கி நீல வழித்தடத்தில் விமான நிலையம் போகும் ரயில்.

"சைதாப்பேட்டை வரைக்கும் தரைக்கு அடியிலதான் போகும் தாயி. வெளிச்சம் வந்துச்சுன்னா சின்னமலை. அதுக்கு அடுத்தது கிண்டி" என்றார். அந்த வெளிச்சம் மட்டும் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஊரில் எனக்குத் திசை தெரியாமல் இருந்ததே இல்லை. புளியங்குடிப் பக்கம் எங்கே நின்றாலும் மேற்கே மலை தெரியும். கீழ்ப்பாக்கம் நிலையத்தில் படி இறங்கி, திரும்பி, மறுபடி இறங்கியதும் கிழக்கும் மேற்கும் கலைந்துவிட்டன. ஒரே நடைமேடை, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் இருட்டு. இடது பக்கம் ரயில் வந்தது, எல்லோரும் ஏறினார்கள், நானும் ஏறினேன்.

கூட்டத்தில் அறிவிப்பு சரியாகக் காதில் விழவில்லை. சென்ட்ரல் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். நிலையங்கள் போய்க்கொண்டே இருந்தன. திடீரென்று ரயில் மேலே ஏறி வெயிலுக்குள் வந்தது. எனக்குப் பகீரென்றது. சென்ட்ரலில் மாறவே இல்லையே, அதற்குள் சின்னமலையா? ஒருவேளை இந்த ரயிலே நேராகப் போகிறதோ என்று நினைத்து, சித்தப்பா சொன்னபடி அதற்கு அடுத்த நிலையத்தில் இறங்கினேன்.

கீழே வந்து பார்த்தால் கிண்டி இல்லை. சி.எம்.பி.டி., கோயம்பேடு பேருந்து நிலையம். கைப்பேசியில் சித்தப்பா எடுக்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. வெளியே போய் பஸ் பிடிக்கலாம் என்று டிக்கெட்டைக் கையில் எடுத்து கேட் பக்கம் நடந்தேன்.

அங்கே நின்ற பாதுகாப்பு அக்கா என் முகத்தைப் பார்த்தே, "எங்கம்மா போகணும்?" என்றார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "கிண்டிக்குத்தானே எடுத்திருக்க? அப்ப வெளிய போகாத. இதைக் காட்டி வெளிய போயிட்டா மறுபடி டிக்கெட் எடுக்கணும். உள்ளேயே இருக்கிற வரைக்கும் இதே டிக்கெட் போதும்."

திரும்பிக் கீழ்ப்பாக்கத்துக்கே போகவா என்று கேட்டேன். "எதுக்கு? நீ வந்த ரயில் போன பக்கமே போ. பரங்கிமலை ரயில்ல ஏறி ஆலந்தூர்ல இறங்கு. அங்க வேற தளத்துல நீல ரயில் வரும். விம்கோ நகர் போறதுல ஏறினா முதல் ஸ்டேஷன் கிண்டி. விமான நிலையம் போறதுல மட்டும் ஏறிடாத."

ஆலந்தூரில் ரயில் வந்து நின்றதும் ஓடி ஏறவில்லை. முகப்பில் ஓடிய எழுத்தை முழுசாகப் படித்த பிறகுதான் ஏறினேன். கிண்டியில் அதே டிக்கெட்டுக்குக் கேட் திறந்தது. முதல் வகுப்பு பாதி முடிந்திருந்தது, ஆனால் உள்ளே விட்டார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நிலையத்தில் வரைபடத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். பச்சையும் நீலமும் சென்ட்ரலில் பிரிந்து ஆலந்தூரில் மறுபடி சேர்கின்றன. கீழ்ப்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் வழியாகக் கிண்டி 12-வது நிலையம், ஆலந்தூர் வழியாக 13-வது. நேற்று இறங்காமல் உட்கார்ந்திருந்தாலே ஆலந்தூர் வந்திருக்கும்.

இரண்டு பாதையிலும் ஓரிடத்தில் ரயில் வெளிச்சத்துக்கு வருகிறது: பச்சையில் திருமங்கலம் தாண்டி, நீலத்தில் சைதாப்பேட்டை தாண்டி. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் தினமும் சென்ட்ரலில் மாறி நீல ரயிலில் வேலைக்குப் போகிறவர், பச்சையிலும் அப்படி என்று யோசித்ததே இல்லையாம். புதிதாக வருகிறவர்களுக்கு வெளிச்சத்தை அடையாளமாகச் சொல்லவே கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. ரயில் எந்த ஊரில் போய் முடிகிறது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். அந்தப் பெயர்தான் நடைமேடையிலும் ரயில் முகப்பிலும் இருக்கிறது. இன்றைக்குச் சென்ட்ரல் வழியாகப் போனேன். நீல நிறப் பலகையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் மாறுவது ஒன்றும் கஷ்டமில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நாளைக்கு விடுமுறை என்பதால் அப்பா என்னைப் பார்க்க வருகிறார். எழும்பூருக்கு நான் வரவா என்று கேட்டேன், வேண்டாம், தானே மெட்ரோவில் வருவதாகச் சொல்லிவிட்டார். சரி என்று எழுதி அனுப்பினேன்: "பரங்கிமலை என்று போட்ட ரயிலில் ஏறுங்கள். முதலில் நேரு பூங்கா, அடுத்தது கீழ்ப்பாக்கம். ரயில் சென்ட்ரலில் போய் நின்றுவிட்டால் கேட்டைத் தாண்டி வெளியே வராதீர்கள், அங்கிருந்தே பரங்கிமலை ரயில் புறப்படும்."

உடனே போன் செய்தார். "எலுமிச்சம்பழம் ஒரு பை கொண்டு வாரேன், உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார்.