சாயப்பட்டறைக்கு எழுதிய நன்றிக் கடிதம்

திருப்பூரில் நானும் என் மனைவியும் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறோம். கட்டிங், தையல், பேக்கிங் எங்களுடையது. நிட்டிங்கும் சாயமும் வெளியே ஜாப் ஒர்க். சாயம் போட்டுத் தருபவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு வருஷப் பழக்கம். அவர் ஒரு தடவை எங்களைக் காப்பாற்றினார். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்து, ஒரு தடவை தப்பாக எழுதி, பிறகு சரியாகச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆர்டர் 6,000 டி-ஷர்ட், நேவி நீலம். துணி 1,200 கிலோ. பையருக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப், அதாவது லேபில் சாயம் போட்ட மாதிரித் துண்டுகள், அனுப்பியிருந்தோம். அவர்கள் தேர்ந்தெடுத்தது பி. நாங்கள் பட்டறைக்குப் போனில் சொன்னபோது அது சி ஆகிவிட்டது. முழுக்க எங்கள் பிழை. வியாழக்கிழமை சாயங்காலம் துணியை விரித்துக் கட்டிங் தொடங்கும் நேரத்தில், கட்டிங் மாஸ்டர் ஒப்புதல் துண்டை மேலே வைத்துப் பார்த்தார். துணி ஒரு படி வெளிறி இருந்தது. திங்கட்கிழமை காலை துணி கைக்கு வராவிட்டால் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்க முடியாது. விமானத்தில் அனுப்பினால் லாபத்தோடு கைக்காசும் போகும்.

நல்ல வேளையாக பி நிறம் சி-யை விட ஆழமானது. ஆழத்திலிருந்து வெளிறலுக்கு வருவதென்றால் சாயத்தை உரித்தெடுக்க வேண்டும், துணி நைந்துபோகும். வெளிறலிலிருந்து ஆழத்துக்குப் போவது, அதாவது மேலே சாயம் ஏற்றுவது, முடிகிற காரியம். அண்ணாவிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "சரி தம்பி, துணித் துண்டைக் குடுங்க, லேப்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளியும் சனியும் 300 கிலோ மெஷின் இரண்டில் நான்கு லாட் ஓடியது. ஞாயிறு முழுக்கக் காயவைத்து, காம்பேக்டிங் முடித்தார்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு டெம்போ எங்கள் வாசலில் நின்றது.

அன்றைக்கே போனில் நன்றி சொன்னேன். ஆனால் நேரில் போகவில்லை. மூன்று ராத்திரி தூங்காத ஆட்கள் முன்னால் போய் நின்று பேசுவது அவர்களுக்கு இன்னொரு வேலை. அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன்.

அந்த இடைவெளியில் கடிதம் எழுதினேன். "தங்களின் ஒப்பற்ற ஒத்துழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும் மனமார்ந்த நன்றி" என்று ஆரம்பித்து அரைப் பக்கம். என் மனைவி படித்துவிட்டு, "இதை நூல் கடைக்கும் அனுப்பலாம், அட்டைப்பெட்டிக்காரருக்கும் அனுப்பலாம்" என்றாள். கணக்கு பார்ப்பவள் அவள்தான். அப்புறம் லெட்ஜரைத் திறந்து காட்டினாள். அண்ணாவின் பழைய பில் இரண்டு நின்றுகொண்டிருந்தது. ஒன்றுக்கு 52 நாள், இன்னொன்றுக்கு 48 நாள் ஆகியிருந்தது.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருஷச் சட்டம். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டினால் பணம் கொடுத்த வருஷத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியும். திருப்பூரில் 60, 90 நாள் என்பது பழகிப்போன விஷயம், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் 52 நாள் பாக்கியை வைத்துக்கொண்டு நன்றிக் கடிதம் கொடுத்தால், வாங்குகிற மனுஷர் எதை நினைப்பார்? அன்று மத்தியானமே இரண்டு பில்லும் பட்டுவாடா ஆனது. அவசர வேலைக்கான பில் வந்ததும் மூன்றாம் நாளே அனுப்பினோம். சாதாரண ரேட்டில்தான் போட்டிருந்தார், அவசரத்துக்கென்று ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. கூடச் சேர்த்து அனுப்பலாமா என்று யோசித்தேன். கேட்காத பணத்தை அனுப்பினால் அது கூலி ஆகிவிடும் என்று மனைவி தடுத்தாள். அவள் சொன்னது சரி.

பிறகு கடிதத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று எனக்கே முழுசாகத் தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. அண்ணாவின் டையிங் மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு எழுதியது இது:

"வியாழன் இரவு உங்கள் லேபில் வேலை செய்யும் பெண் ஏழு முறை பீக்கரில் சாயம் போட்டுப் பார்த்தார். ஐந்தாவது துண்டு பகல் வெளிச்ச விளக்கில் எங்கள் ஒப்புதல் துண்டோடு அப்படியே பொருந்தியது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னபோது, கடை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சிவப்படிக்கிறது என்று அவரே தள்ளி வைத்தார். ஏழாவது துண்டு இரண்டு விளக்கிலும் பொருந்தியது. அப்போது அதிகாலை மூன்று மணி. இரண்டு முறை சாயம் கண்ட துணி ஈரத்தில் தேய்த்தால் நிறம் விடும் என்பதால், உங்கள் மாஸ்டர் ஒவ்வொரு லாட்டுக்கும் சோப்பு வாஷ் ஒன்றைக் கூட்டினார். எங்களுக்குச் சொல்லக்கூட இல்லை. நான்கு லாட்டும் ஈரத் தேய்ப்புச் சோதனையில் தேறின."

பல வகை விளக்கில் நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரே துணி பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் ஒரு மாதிரியும் டிஎல்84 விளக்கில் வேறு மாதிரியும் தெரியும். பையர் கடையில் எரிவது இரண்டாவது ஜாதி விளக்கு. அந்த ஐந்தாவது துண்டு மெஷினுக்குப் போயிருந்தால் பட்டறையில் எல்லோருக்கும் திருப்தியாக இருந்திருக்கும், பையிங் ஆபீசில் 1,200 கிலோவும் நின்றுபோயிருக்கும். நன்றி சொல்ல வேண்டிய இடம் அந்த அதிகாலை மூன்று மணிதான். "ஒப்பற்ற ஒத்துழைப்பு" என்று எழுதியபோது அது எனக்குத் தெரியவே இல்லை.

ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதிவிட்டு அடித்தேன். எங்கள் லாட்டுக்காக வேறு இரண்டு பார்ட்டிகளின் லாட்டை அண்ணா தள்ளி வைத்திருந்தார். அவரே அவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். எனக்காக அவர் செலவழித்த பெரிய விஷயம் அதுதான். ஆனால் நன்றிக் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், பட்டறையைப் பார்க்க வருகிறவர்களிடம் காட்டுவார்கள். "மற்றவர்கள் வேலையைத் தள்ளிவைத்து எங்களுக்குச் செய்தீர்கள்" என்ற வரியை அந்த இரண்டு பார்ட்டியில் ஒருவர் படித்தால்? அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பையர் பெயரையும் எழுதவில்லை.

வியாழக்கிழமை நேரில் போனேன். கடிதத்தைக் கொடுத்தேன், அந்த இரண்டு பார்ட்டி விஷயத்தையும் தனியாகச் சொன்னேன். ராத்திரி ஷிப்டில் நின்ற ஆபரேட்டர்களுக்கு ஆளுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று கவர் போட்டு எடுத்துப் போயிருந்தேன். நல்ல வேளை, முதலில் அண்ணாவிடம் கேட்டேன். "வேண்டாங்க தம்பி. பகல் ஷிப்ட்காரங்களும்தான் நின்னாங்க. நாலு பேருக்குக் குடுத்தா நாப்பது பேரு மனசு கோணும்" என்றார். கவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு இரண்டு ஷிப்டுக்கும் சாப்பாடு ஏற்பாடு செய்தேன். ஆபரேட்டர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பக்கம். தமிழ்க் கடிதத்தை அவர்களால் படிக்க முடியாது. சூப்பர்வைசர் அதை இந்தியில் சொல்லிக் காட்டினார். ஏழாவது துண்டு என்று வந்த இடத்தில் எல்லோரும் லேப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கு உணர்ச்சி வேகத்தில், "இனி எங்கள் சாயம் எல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வெளிர் நிறங்களுக்கு வேறொரு பட்டறையோடு எங்களுக்கு ஏற்பாடு இருக்கிறது, அதை உடைக்க முடியாது. நிறைவேற்ற முடியாத வாக்கு கொடுப்பதற்குப் பதிலாக, "எங்களால் உங்களுக்கு என்ன தொந்தரவு வருகிறது, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. லாட் சைஸ் என்றார். நாங்கள் 70 கிலோ, 110 கிலோ என்று துண்டு துண்டாக அனுப்புவோம். 300 கிலோ மெஷினில் 110 கிலோ போட்டாலும் அது அடைத்துக்கொள்ளும் நேரம் கிட்டத்தட்ட அதேதான், கிலோவுக்குத் தண்ணீர்தான் கூடும். தண்ணீர் கூடினால் கழிவு கூடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் சுத்திகரித்தால்தான் இங்கே பட்டறை ஓட்ட முடியும். சாயத்துக்குப் போடும் உப்பும் தண்ணீரும் அவருக்கு வெறும் செலவுக் கணக்கு இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை லாட் ஓட்டலாம் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. ஆறு வருஷமாக எங்கள் சின்ன லாட்டுகளைச் சுமந்திருக்கிறார், ஒரு தடவையும் முகம் கோணியதில்லை.

அதன்பிறகு மாற்றியது மூன்றுதான். மாதம் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும், அடுத்து வரும் சாயங்களை நிறமும் கிலோவுமாக அவருக்கு அனுப்புகிறோம். ஒரே நிறத்தில் வரும் சின்ன ஆர்டர்களைச் சேர்த்து 150 அல்லது 300 கிலோவாக ஆக்குகிறோம். இதற்காகச் சில சமயம் துணியை ஒரு வாரம் காத்திருக்க வைக்க வேண்டியிருக்கிறது, எல்லா நிறத்திலும் முடிவதும் இல்லை. மூன்றாவது, நிறத்தைப் போனில் சொல்வதே கிடையாது. ஒப்புதல் துண்டை அட்டையில் ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டு அனுப்பிய பிறகுதான் லாட் மெஷினுக்குப் போகும். இன்னொரு அவசரம் வந்தால் அவசர ரேட் வாங்கிக்கொள்ள வேண்டும், முடியாது என்றால் தயங்காமல் முடியாது என்று சொல்ல வேண்டும் என்றும் அவரிடம் பேசி வைத்திருக்கிறேன். முதலில் சிரித்தார், பிறகு ஒத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அண்ணாவிடமிருந்து போன். மெரூன் லாட், 300 கிலோ. "தம்பி, ஷேடு ஒரு பொடி விலகற மாதிரி இருக்குதுங்க. உங்க ஆபீஸ் விளக்குல பாத்தா பாஸ் ஆயிரும். ஆனா எனக்கு மனசு ஒப்பல. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." சட்டையை மாட்டிக்கொண்டு, அட்டையில் ஒட்டிய ஒப்புதல் துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். போனபோது லேப் பெண் லைட் பாக்ஸைப் போட்டுவைத்துக் காத்திருந்தார்.