"நேரம் போதவில்லை" என்ற பதிலைத் தோண்டியபோது

கேரளத்தில் 2024-லும் 2025-லுமாகப் பள்ளிப் பாடநூல்கள் மாறின. எங்கள் சித்தூர் தாலுகாவின் தமிழ் வழிப் பள்ளிகளிலும் புதிய நூல்கள்தான். எம்.எட். ஆய்வுக்காக, அதில் ஓர் அறிவியல் நூலைப் பற்றி ஆசிரியர்களை உட்காரவைத்துப் பேசக் குழு உரையாடல் வழிகாட்டி ஒன்று தயாரித்தேன்.

முதல் வரைவில் பதினான்கு கேள்விகள். முதல் கேள்வியே "நூல் எப்படி இருக்கிறது?" கொழிஞ்சாம்பாறையில் தோழிகள் மூவரிடம் ஒத்திகை பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று முடித்துவிட்டார்கள். அபிப்பிராயம் கேட்டால் மரியாதையான பதில்தான் வரும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் ஐந்தே கேள்விகளை வைத்துக்கொண்டு, அவற்றையும் நடந்ததைக் கேட்பதாக மாற்றினேன். "கடந்த வாரம் நடத்திய பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் என்ன நடந்தது?" என்பதுதான் முதன்மைக் கேள்வி. ஒவ்வொன்றின் கீழும் துணைக் கேள்விகளுக்கு இடம் விட்டேன்.

உண்மையான அமர்வில் ஏழு பேர், ஒன்றரை மணி நேரம். தலைமையாசிரியர்களைச் சேர்க்கவில்லை, அவர்கள் இருந்தால் மற்றவர்கள் அளந்துதான் பேசுவார்கள். எல்லோரையும் நூலைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டேன், இன்னொருவர் குறிப்பெடுத்தார்.

பேச ஆரம்பித்ததும் ஒரு சார், "நேரம் போதவில்லை" என்றார். நான்கைந்து தலைகள் ஆடின. "ஏன்?" என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏன் என்றால் ஆசிரியர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார். "எந்தப் பாடத்தில் சார்? பக்கத்தைக் காட்டுங்களேன்" என்றேன். புரட்டினார். ஒரு செய்முறை இருந்த பக்கம். "இதில் எதை விட்டுவிட்டீர்கள்?" செய்முறையை விட்டுவிட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டதாகச் சொன்னார். "பிள்ளைகள் எந்த இடத்தில் புரியாமல் நின்றார்கள்?" என்றேன். அவர் பேசவில்லை. நானும் பேசாமல் ஐந்து விநாடி காத்திருந்தேன்.

பக்கத்திலிருந்த டீச்சர் தன் நூலைத் திருப்பிக் காட்டினார். அந்தச் செய்முறைக் குறிப்பு நான்கு வரிக்கு ஒரே வாக்கியம். அவர் அதைப் பென்சிலால் மூன்றாக வெட்டி, ஓரத்தில் 1, 2, 3 என்று எழுதியிருந்தார். "இதையே மலையாள நூலில் படித்தால் எனக்குப் புரியுது, தமிழில் பிள்ளைகள் பாதியிலேயே தொலைஞ்சுபோறாங்க" என்றார். அப்புறம்தான் அந்த சார், "எனக்கும் அதேதான், நான் வாசித்துக் காட்டுவதிலேயே பீரியட் போய்விடுகிறது" என்றார்.

துணைக் கேள்வி கேட்டிருக்காவிட்டால் "பாடச்சுமை" என்ற தலைப்பில் இதைத் தவறாகக் குறித்திருப்பேன். ஆனாலும் ஏழு பேர் சொன்னதை வைத்து எல்லாத் தமிழ் வழி வகுப்புக்கும் இதுதான் நிலை என்று எழுத முடியாது.

அடுத்த குழுவுக்குப் போகுமுன் வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்தேன்: "நூலில் நீங்களே ஏதாவது எழுதியோ அடித்தோ வைத்திருந்தால், அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் காட்டுவீர்களா?"