கணக்கு எண்ணிலிருந்து கிளையைப் பிரித்தெடுத்தது

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, ஜூரோங், ஈசூன் என மூன்று கிளைகள் உள்ள ஒரு மளிகை நிறுவனத்தின் கணக்குகளை எஸ்ஏபி மென்பொருளுக்கு மாற்றும் வேலை. பழைய கணக்குப் பட்டியலில் 6101 சிராங்கூன் மின்சாரம், 6102 ஜூரோங் மின்சாரம், 6103 ஈசூன் மின்சாரம். இப்படி 40 வகைச் செலவுக்கு 120 கணக்குகள். நான்காவது கடை திறந்தால் இன்னும் 40 சேரும்.

எதற்குச் செலவானது என்பதைக் கணக்கு சொல்லட்டும், எங்கே செலவானது என்பதைச் செலவு மையம் சொல்லட்டும் என்று முதலில் முடிவெடுத்தோம். பொதுப் பேரேட்டின் ஒரே வரி இரண்டையும் சுமக்கும். பிறகு மூன்று பத்தி கொண்ட மாற்று அட்டவணை போட்டோம்: பழைய கணக்கு, புதிய கணக்கு, செலவு மையம். 6101 இனி 6100, மையம் 110. 6102 அதே 6100, மையம் 120. ஈசூனுக்கு 130. தணிக்கைக் கட்டணம் போல எந்தக் கடைக்கும் சேராதவற்றுக்குத் தலைமையகம் 190. அவற்றைப் பெரிய கடையின் தலையில் கட்டுவது பழைய பழக்கம். அதனால் அந்தக் கடையின் லாபம் வருடக்கணக்கில் குறைத்துக் காட்டப்படும்.

ஒரு பில்லைப் பாருங்கள். சிராங்கூனுக்கும் ஜூரோங்குக்கும் சேர்த்து வந்த மின்கட்டணம் 3,000 வெள்ளி, 9% ஜிஎஸ்டி 270.

```
பற்று  6100 மின்சாரம்       110   1,800
பற்று  6100 மின்சாரம்       120   1,200
பற்று  1450 உள்ளீட்டு வரி     -      270
வரவு  2100 கொடுக்க வேண்டியது   -    3,270
```

வரியைத் திரும்பக் கோரலாம் என்பதால் அது செலவல்ல, சொத்து. ஆகவே அந்த வரிக்குச் செலவு மையம் வேண்டாம்.

சிக்கல் வந்தது ஆளே பதியாத பேரேட்டு வரிகளில். மலேசிய ரிங்கிட் பில்லுக்குப் பணம் கட்டும்போது நாணய மாற்று வித்தியாசத்தை எஸ்ஏபி தானாகவே ஒரு வரியாகச் சேர்க்கும். அங்கே செலவு மையத்தை நிரப்ப யாரும் இல்லை. "requires an assignment to a CO object" என்று சொல்லிப் பணப்பட்டுவாடா நின்றுவிடும். OKB9 திரையில் அந்தக் கணக்குக்கு 190ஐ இயல்பு மையமாக வைத்ததும் சரியானது. ஆனால் மின்சாரம், வாடகை போன்ற கணக்குகளுக்கு இப்படி வைக்கக் கூடாது. பதிபவர் மையத்தை மறந்தாலும் எச்சரிக்கை வராமல் எல்லாம் 190இல் போய்ச் சேரும்.

இதைவிட ஆபத்தானது சத்தமே போடாத பிழை. மாற்று அட்டவணையில் ஒரு வரியில் 120க்குப் பதில் 130 என்று விழுந்தால், இருப்பாய்வு அப்போதும் சரியாகவே நிற்கும். பற்றும் வரவும் கணக்கைத்தான் பார்க்கும், மையத்தைப் பார்க்காது. அதனால் நிலுவைகளை ஏற்றிய பிறகு இருமுறை சரிபார்த்தோம். முதலில் 6100இன் மொத்தம், பழைய 6101, 6102, 6103இன் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போகிறதா என்று. பிறகு ஒவ்வொரு மையத்தின் மொத்தச் செலவு, பழைய பட்டியலில் அந்தக் கிளைப் பெயர் தாங்கிய கணக்குகளின் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று. இரண்டாவதில் ஒரு கிளை கூடி, இன்னொன்று அதே தொகைக்குக் குறைந்தால் இடம்மாறிய வரியை அங்கேயே பிடிக்கலாம். KB11N திரை மூலம் மையத்தை மட்டும் மாற்றினால் போதும். 6100இன் மொத்தமும் ஜிஎஸ்டி கணக்கும் அசையாது.