பொங்கலுக்கு லீவ் லெட்டர் எழுதும்போது கவனிக்க வேண்டியவை: ஒரு பொம்மசந்திரா அனுபவம்

2025ல் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை வந்தது. கர்நாடகத்தில் அன்று மகர சங்கராந்தி என்பதால் பொம்மசந்திராவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கும் விடுமுறை. ஆனால் போகி, மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் மூன்றும் இங்கே சாதாரண வேலை நாட்கள்தான். அதனால் எங்கள் பிரிவில் இருக்கும் தமிழ் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்துக்கு லீவ் கேட்போம். யாருடைய கடிதம் தெளிவாக இருக்கிறதோ அது முதலில் நகரும். மற்றவை கேள்வியோடு திரும்பி வரும், அல்லது யார் மேஜையிலாவது தங்கிவிடும்.

எனக்கு வேண்டியிருந்தது ஞாயிறு முதல் ஞாயிறு வரை, அதாவது 12ஆம் தேதியிலிருந்து 19 வரை ஊரில் இருப்பது. இதை அப்படியே "12 முதல் 19 வரை லீவ்" என்று எழுதிவிடுவதுதான் பலர் செய்வது. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர் அதை எட்டு நாள் என்று எண்ணவும் வழி இருக்கிறது. உண்மையில் எண்ண வேண்டியது ஐந்துதான். எங்களுக்கு ஞாயிறு வார விடுமுறை, சனிக்கிழமை வேலை நாள். 12, 19 இரண்டும் ஞாயிறு, 14 பண்டிகை விடுமுறை. மிச்சம் 13, 15, 16, 17, 18.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவில், சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பைக் கணக்கிடும்போது இடையில் வரும் விடுமுறையையும், விடுப்பின் இரு முனைகளில் வரும் விடுமுறையையும் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் கடிதத்தில் நாம் 12 முதல் 19 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால், சம்பளக் கணக்கு முடிந்த பிறகு போய் வாதாட வேண்டியிருக்கும். தேதிகளைத் தனித்தனியாக எழுதிவிட்டால் அந்த வேலையே இல்லை.

ஷிப்ட் வேலையில் தேதி மட்டும் போதாது. எங்கள் நைட் ஷிப்ட் இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும். ஒரே ஷிப்டுக்கு இரண்டு தேதி. என்னோடு வேலை பார்க்கும் தருமபுரித் தம்பி ஒருவர், "11ஆம் தேதி இரவிலிருந்து லீவ்" என்று எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை இரவு வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு காலை பஸ் ஏறுவது அவர் எண்ணம். படிக்கிற இன்சார்ஜுக்கோ, சனி இரவு ஷிப்டுக்கே ஆள் வரமாட்டார் என்றுதான் தோன்றும். "தம்பி, அன்றைக்கு ராத்திரி நீ வருகிறாயா, இல்லையா?" என்று கேட்டேன். "வருவேன் அண்ணா, முடித்துவிட்டுத்தான் போவேன்" என்றார். சரி, அதையே எழுதச் சொன்னேன்: 11ஆம் தேதி இரவு 10 மணி ஷிப்டை முடித்துவிட்டுச் செல்கிறேன், 20ஆம் தேதி காலை 6 மணி ஷிப்டுக்கு வருகிறேன். கடைசியாகப் பார்க்கும் ஷிப்டும், திரும்பி வரும் ஷிப்டும் கடிதத்தில் இருந்துவிட்டால் நடுவில் எதைப் பற்றியும் சந்தேகம் வராது. திரும்பும் நாளை எழுதாமல் விடுவதைத்தான் நான் அதிகமாகப் பார்க்கிறேன். "ஒரு வாரம்" என்று மட்டும் எழுதினால், இன்சார்ஜ் எந்த நாளிலிருந்து மாற்று ஆள் போடுவார், எந்த நாளில் எடுப்பார்?

அதே தம்பியின் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. முதல் நான்கு வரியும் மன்னிப்பு. வேலை அதிகமாக இருக்கும் நேரத்தில் கேட்பதற்கு மன்னிக்கவும், தொந்தரவுக்கு மன்னிக்கவும், வேறு வழியில்லை என்று போய், கடைசியில் "முடியாவிட்டால் இரண்டு நாள் கொடுத்தாலும் போதும்" என்று முடிந்திருந்தது. பணிவாக எழுத வேண்டும் என்ற நல்ல மனசில்தான் எழுதியிருந்தார். ஆனால் இருபது பேர் லீவ் கேட்கும் வாரத்தில், ஆள் பற்றாக்குறையோடு உட்கார்ந்திருக்கும் இன்சார்ஜ் அந்தக் கடைசி வரியைப் படித்தால் இரண்டு நாள்தான் கொடுப்பார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது, நாமே எழுதிக் கொடுத்ததுதானே. கணக்கில் இருக்கும் விடுப்பைக் கேட்பதற்கு மன்னிப்பு வேண்டியதில்லை. அந்த நான்கு வரியின் இடத்தில் இன்சார்ஜுக்கு உண்மையில் தேவையான ஒரு வரியைப் போடலாம்: என் மெஷினை யார் பார்ப்பார்கள் என்பது. அதை எழுதும் முன் அந்த ஆளிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

நான் ஆங்கிலத்தில் கொடுத்த கடிதம் தமிழில் இவ்வளவுதான்:

"பொங்கலுக்காகச் சொந்த ஊர் செல்வதால் 13.01.2025, 15.01.2025, 16.01.2025, 17.01.2025, 18.01.2025 ஆகிய ஐந்து நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு வேண்டுகிறேன். 12, 19 வார விடுமுறை. 14 பண்டிகை விடுமுறை. 11.01.2025 காலை ஷிப்டை முடித்துவிட்டுச் செல்கிறேன். 20.01.2025 காலை 6 மணி ஷிப்டுக்குத் திரும்புவேன். என் மெஷினை அதே லைனில் இருக்கும் ஆபரேட்டர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்."

சம்மதித்தவரின் பெயரும் டோக்கன் நம்பரும் அசலில் இருந்தன.

அடுத்தது யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பது. பலரும் "மேனேஜர் அவர்களுக்கு" என்று பொதுவாக எழுதி, ஷிப்ட் இன்சார்ஜ் கையில் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் இடத்தில் இன்சார்ஜ் போடுவது பரிந்துரைக் கையெழுத்து மட்டும். அனுமதிப்பது செக்‌ஷன் ஹெட். அவர் கையெழுத்து இல்லாத படிவத்தை டைம் ஆபீஸ் பதிவு செய்யாது. பதிவாகாத லீவ் சம்பளப் பிடித்தமாகத்தான் வரும். டிசம்பர் கடைசியில் செக்‌ஷன் ஹெட்டே கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கடிதம் எழுதும்போது யாரும் அதை நினைப்பதில்லை.

அப்போதைய அந்தச் சட்டப்படி விடுப்பு தொடங்குவதற்குப் பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஜனவரி 13லிருந்து பின்னால் எண்ணினால் டிசம்பர் 29 வரும். அது ஞாயிறு, ஆக 28 தான் கடைசி. அந்தத் தேதியில் அனுமதிப்பவர் இருக்கமாட்டார் என்பதால் நான் டிசம்பர் 20, வெள்ளிக்கிழமையே கொடுத்தேன். கொடுக்கும் முன் டைம் ஆபீஸில், "செக்‌ஷன் ஹெட் இல்லாத நாளில் யார் கையெழுத்து செல்லும் சார்?" என்று கேட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பிரிவு ஹெட் என்றார்கள். அந்தத் தகவல் எனக்குத் தேவைப்படவில்லை, தாமதமாகக் கொடுத்த மற்றவர்களுக்கு உதவியது.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாங்கியவரின் சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்ததும் லீவ் கார்டில் ஏறிவிட்டதா என்று நேரில் பாருங்கள். இதைக் கேட்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஜனவரி சம்பளச் சீட்டில் ஈட்டிய விடுப்பு 5, சம்பளமில்லா விடுப்பு 0 என்று சரியாக வந்தது. தருமபுரித் தம்பிக்கும் அப்படியே. எங்கள் வரிசையில் இன்னொருவருக்கு மட்டும் 14ஆம் தேதியும் விடுப்பில் கழிந்திருந்தது. அவர் கடிதத்தில் "13 முதல் 18 வரை" என்று இருந்தது. பண்டிகை விடுமுறைப் பட்டியலையும் கடிதத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் போனார், அடுத்த மாதச் சீட்டில் அந்த ஒரு நாள் திரும்ப ஏறியது.