அக்காவின் மூன்றடுக்கு கேரியர்

சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் ஓர் அக்கா, தன் லோகோவைத் தானே பென்சிலில் வரைந்து, போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். மூன்றடுக்கு டிபன் கேரியர், அதன் கீழே வாழை இலை. கேரியர் சற்றே சாய்ந்திருந்தது. "அந்தச் சாய்வு அப்படியே இருக்கணும் தம்பி, கையில தூக்கிட்டுப் போற மாதிரி" என்றார்.

அதைச் சுத்தமான லோகோவாக்க, படம் உருவாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனை எடுத்தேன். அதில் ஒரு படத்தைக் கொடுத்து இன்னொன்றை உருவாக்கும்போது `Denoising strength` என்று ஓர் அளவு வரும், 0 முதல் 1 வரை. கொடுத்த படத்தின்மேல் எவ்வளவு இரைச்சலைத் தூவிவிட்டு மறுபடி வரையத் தொடங்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. இரைச்சலைப் படிப்படியாக நீக்கித்தான் அது வரையும்; 30 படிகள் வைத்து 0.5 கொடுத்தால், பொதுவாகக் கடைசி 15 படிகள்தான் ஓடும். தரத்தைக் கூட்டும் திருகு என்று நினைத்துப் பலர் இதை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏற ஏற மறைவது நம் ஓவியம்தான்.

எந்த இரைச்சலைத் தூவுவது என்பதை முடிவுசெய்யும் சீட் எண்ணை மாற்றாமல் ஸ்ட்ரெங்த்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். 0.3இல் பென்சில் அழுக்கும் காகித நிழலும் அப்படியே இருந்தன. 0.75இல் பளபளக்கும் கேரியர் வந்தது, ஆனால் நான்கு அடுக்கு, நேராக நிமிர்ந்து. நடுவில் 0.5 வைத்தாலும் சாம்பல் பூத்த பென்சில் படமே. காரணம் இருக்கிறது. இரைச்சல் முதலில் அழிப்பது மெல்லிய கோடுகளை. பரந்த நிறமும் வெளிச்சமும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அக்காவின் படத்தில் வேண்டியதெல்லாம் மெல்லிய கோடு, வேண்டாதது பரந்த சாம்பல் நிறம்.

அதனால் ஓவியத்தையே திருத்தினேன். காகிதத்தை முழு வெள்ளையாக்கி, கேரியரை ஒரே நிறத்தால் நிரப்பி, அடுக்குகளுக்கு இடையே தடித்த வெள்ளைப் பட்டை போட்டேன். கடைப்பெயரை அழித்துவிட்டேன், தமிழ் எழுத்தைக் கொடுத்தால் அது கிறுக்கலாகத்தான் திரும்பி வரும். அப்புறம் 0.55இலேயே மூன்று அடுக்கும் சாய்வும் நிற்க, விளிம்புகள் சுத்தமாக வந்தன. இன்னும் ஏற்றி, அடுக்கு எண்ணிக்கை குழம்பத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டு, அதன்பிறகுதான் சீட்டை மாற்றி மாற்றித் தேடினேன்.

வந்தது வெறும் புள்ளிப் படம். பையில் பெரிதாக அச்சிட்டால் பல்லிளிக்கும். தானாகக் கோடெடுக்க விட்டால் வளைவுகள் நடுங்குகின்றன. எனவே எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுப் படம் வரைய உதவும் இன்க்ஸ்கேப்பில் அதன்மேல் கையால் வரைந்து, பெயரை எழுத்துருவில் சேர்த்தேன்.

அக்கா ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "இலை நுனி வலப்பக்கம் இருக்கே தம்பி, யாரு சாப்பிடுவா?" சரிதான், நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். மொத்தப் படத்தையும் திருப்பினால் சாய்வும் மாறிவிடும் என்பதால், இலையை மட்டும் இடவலமாகத் திருப்பிப் போட்டு அனுப்பினேன்.