எந்த செட்டப் எனக்குச் சம்பாதித்துத் தருகிறது?

2 ஆகஸ்ட் 2025, சனி

மூன்று மாத இன்ட்ராடே டிரேடுகள் மொத்தம் 120. எல்லாம் பங்குகளில்தான். ஒரு டிரேடில் ஸ்டாப் லாஸ் அடித்தால் போகும் 1000 ரூபாயை 1R என்று வைத்துக்கொள்கிறேன். செலவெல்லாம் போக மொத்தக் கணக்கு −4R. இந்த 4000 ரூபாயைவிட, எது தின்றது என்று தெரியாததுதான் என்னை உறுத்துகிறது.

அதனால் எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு டிரேடு வரிக்கும் ஒரு டேக் போட்டேன். முதல் 15 நிமிட ரேஞ்ச் உடைந்ததும் நுழைந்தவை ORB. விலை, அன்றைய வால்யூமை வைத்துப் போடும் சராசரி விலையான VWAP கோட்டுக்குத் திரும்பி வந்து தாங்கி நின்றபோது வாங்கியவை VWAP. முந்தைய நாள் முடிந்த விலையிலிருந்து தாவி, காலையில் கேப்பில் திறந்ததை எதிர்த்து எடுத்தவை GAP. எதிலும் சேராதவை MISC. C நெடுவரிசையில் டேக், H நெடுவரிசையில் செலவு போக மிஞ்சிய R.

```
=SUMIF(C:C,"ORB",H:H)
```

ORB 41 டிரேடு, +6.2R. VWAP 34 டிரேடு, +9.8R. GAP 18 டிரேடு, −3R. MISC 27 டிரேடு, −17R. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. MISC-ஐ நிறுத்தினால் போதும், வருஷம் நிமிர்ந்துவிடும்.

4 ஆகஸ்ட், திங்கள்

இரவு MISC-இல் இருந்த ஒரு சார்ட்டைத் திறந்தேன். ஒரு வங்கிப் பங்கு. 9:34-க்கு வாங்கியிருக்கிறேன், அதற்கு நாலு நிமிடம் முன்புதான் ரேஞ்சின் மேல் எல்லை உடைந்திருக்கிறது. அடுத்த இரண்டு மெழுகுவத்தியில் விலை திரும்பி ரேஞ்சுக்குள் வந்து ஸ்டாப் அடித்திருக்கிறது. இது அப்பட்டமான ORB. ஏன் MISC என்று போட்டேன்? தோற்றுப்போன சார்ட்டைப் பார்த்தபோது, “வால்யூம் இல்லை, இது சரியான உடைப்பே இல்லை” என்று தோன்றியிருக்கிறது. ஜெயித்த ORB-களில் எத்தனைக்கு வால்யூம் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

முடிவு தெரிந்த பிறகு டேக் போட்டால், தோற்றவை தாமாகவே MISC-க்குள் போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

9 ஆகஸ்ட், சனி

இன்று தம்பியை உட்கார வைத்தேன். 120 சார்ட்டையும் நான் நுழைந்த மெழுகுவத்தியோடு வெட்டி, தேதியை மறைத்து, வரிசையைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். வலது பக்கம் வெறுமை. லாபமா நஷ்டமா தெரியாமல் டேக் சொல்ல வேண்டும். எத்தனையாவதோ சார்ட்டில் நான் “MISC” என்றதும், “அண்ணா, முன்னாடி காட்டினதும் இதே மாதிரிதான் இருந்தது, அதை ORB-ன்னு சொன்னியே” என்றான். அதன் பிறகு ஒவ்வொரு டேக்குக்கும் ஒரே வரியில் விதி எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினோம். மூன்றரை மணி நேரம் பிடித்தது.

MISC-இல் இருந்த 27-இல் 17, ORB-க்குப் போயின. அவற்றின் கூட்டல் −11.4R. நாலு VWAP-க்குப் போயின, −2.1R. மீதி ஆறுதான் உண்மையாகவே காரணமில்லாமல் எடுத்தவை, −3.5R.

இப்போது ORB 58 டிரேடு, −5.2R. VWAP 38 டிரேடு, +7.7R. GAP மாறவில்லை. ஒரு வருடமாக எனக்குப் பிடித்த செட்டப் ORB-தான், காலையில் அதற்காகத்தான் எழுந்திருப்பேன். ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

VWAP லாபம் ஒரே ஒரு பெரிய டிரேடால் வந்ததா? மிகப் பெரியது 3.4R. அதை எடுத்துவிட்டாலும் 37 டிரேடில் +4.3R நிற்கிறது. மெல்லிய லாபம்தான், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கவில்லை.

அடுத்து ORB ஏன் தோற்கிறது என்று கான்ட்ராக்ட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 850 ரூபாய்ப் பங்கில் நாலு ரூபாய் ஸ்டாப் வைத்தால், 1000 ரூபாய் ரிஸ்க்குக்கு 250 பங்கு வாங்குகிறேன். விற்கும்போது பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி 0.025 சதவீதம், அதுவே 53 ரூபாய். புரோக்கரேஜ் இரண்டு பக்கமும் 40. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஸ்டாம்ப், ஜிஎஸ்டி சேர்த்தால் மொத்தம் ஏறத்தாழ 120 ரூபாய், அதாவது 0.12R. 58 டிரேடுக்கு இது கிட்டத்தட்ட 7R. செலவு இல்லையென்றால் ORB சுமார் +1.8R-இல் நின்றிருக்கும். VWAP-இல் என் ஸ்டாப் எட்டு ரூபாய் போல அகலமாக இருப்பதால், பங்கு எண்ணிக்கை பாதி, செலவும் 0.08R பக்கம்தான்.

13 ஆகஸ்ட், புதன்

இனி டேக் எழுதிய பிறகுதான் ஆர்டர். இன்று 9:41-க்கு ஒரு உடைப்பு தெரிந்தது. ORB என்று எழுதினேன், ஸ்டாப் 3.5 ரூபாய் தூரத்தில். செலவைக் கணக்குப் போட்டதும் 0.13R என்று வந்தது. எடுக்கவில்லை. அது மேலே போய்விட்டது, அதையும் “எடுக்காதது” என்று தனி வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

16 ஆகஸ்ட், சனி

நேற்று விடுமுறை, நாலு நாள் வாரம். VWAP மூன்று, ORB காகிதத்தில் மட்டும் ஐந்து. அடுத்த 30 ORB-ஐக் காகிதத்திலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன். ஸ்டாப்பை ரேஞ்சின் நடுவுக்குத் தள்ளி, பங்கு எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகிறது என்றுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு புது டேக்கும் போட்டாயிற்று: ORB-W.