பிவண்டி குடோன் முகவரி: முன்பணம் போடுவதற்கு முன் நாங்கள் பார்த்தவை

சரக்கு, பாலித்தீன் கவர் ஓட்டும் எல்.டி. கிரான்யூல். 25 கிலோ மூட்டையில் 80 மூட்டை, மொத்தம் 2 டன். ஆன்லைன் சந்தையில் விலை கேட்டுப் போட்டதும் பலர் கிலோ 103, 105 என்று சொல்ல, ஒருவர் மட்டும் 96 என்றார். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,26,560 ரூபாய். பாதியை முன்பணமாகப் போட வேண்டும், மீதி லாரியில் ஏற்றிய பிறகு. குடோன் மும்பையை ஒட்டிய பிவண்டியில் இருப்பதாகச் சொல்லி முகவரி, ஜிஎஸ்டி எண், மேப் லொகேஷன், மூட்டை அடுக்கிய படங்கள் எல்லாவற்றையும் கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

இந்த மாதிரி வியாபாரத்தில் முகவரி பொய்யாக இருப்பது அபூர்வம். குடோன் இருக்கும், கம்பெனி இருக்கும், ஜிஎஸ்டி எண்ணும் செல்லும். நம்மிடம் பேசுகிறவருக்கும் அந்த மூன்றுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்பதில்தான் சிக்கல். அதனால் முகவரி, கம்பெனி, பேசும் ஆள், வங்கிக் கணக்கு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று பார்த்தோம்.

முதலில் ஜிஎஸ்டி எண். 15 எழுத்தையும் பிரித்துப் படித்தாலே கொஞ்சம் விஷயம் வெளியே வரும்.

```
27 | XXXPX0000X | 1 | Z | X
```

முதல் இரண்டு இலக்கம் மாநிலம். 27 மகாராஷ்டிரா, 24 குஜராத், 33 தமிழ்நாடு. பிவண்டியில் தன் சொந்தச் சரக்கை வைத்து அங்கிருந்து விற்கிறவருக்கு 27-இல் தொடங்கும் எண் வேண்டும். அடுத்த பத்தும் பான் எண். பானின் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. லெட்டர்பேடில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொண்டு அந்த இடத்தில் P வைத்திருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். எங்களுக்கு வந்த எண்ணில் P இருந்தது. அவரும் தனிநபர் நிறுவனம் என்றுதான் சொல்லியிருந்தார். அதுவரை சரி.

அடுத்து gst.gov.in தளத்தில் Search Taxpayer போய் எண்ணைப் போட்டோம். இதற்கு லாகின் வேண்டாம். Status பகுதியில் Active என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. Taxpayer Type என்ற இடத்தில் Composition என்று இருந்தால் அவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. பதிவு செய்த தேதி போன வருடமாக இருந்து, ஆள் பதினைந்து வருட அனுபவம் பேசினால் காரணம் கேட்க வேண்டும். ரிட்டர்ன் பட்டியலில் வரி கட்டும் ரிட்டர்னான 3B மாதாமாதம் இல்லையே என்று உடனே சந்தேகப்படத் தேவையில்லை. 5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் இருக்கலாம். ஆனால் தொடர்ந்து பல காலாண்டு காலியாகக் கிடந்தால், அங்கே வியாபாரம் நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதன்மை முகவரியாக மும்பை நகருக்குள் ஒரு ஆபீஸ் இருந்தது. இதிலும் தப்பில்லை. ஆபீஸ் ஒரு பக்கம், குடோன் ஒரு பக்கம் என்பதுதான் அங்கே வழக்கம். ஆனால் சரக்கு வைக்கும் குடோனைக் கூடுதல் வியாபார இடமாகப் பதிவில் சேர்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்க, REG-06 என்ற பதிவுச் சான்றிதழை Annexure A பக்கத்தோடு சேர்த்து அனுப்பச் சொன்னோம். கூடுதல் இடங்களின் பட்டியல் அந்த இணைப்பில்தான் வரும். முதல் பக்கம் மட்டும் வந்தது. மறுபடி கேட்டதும் "சிஏ ஊரில் இல்லை" என்றார். சான்றிதழ் பிடிஎஃபைப் போர்ட்டலில் அவரே இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடலாம், சிஏ வர வேண்டியதில்லை. முதல் சந்தேகம் இங்கேதான் வந்தது.

பிவண்டி முகவரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மான்கோலி, வல், புர்ணா, கால்ஹேர் என்று அந்தப் பகுதி முழுக்கக் குடோன் வளாகங்கள். ஒவ்வொரு வளாகத்திலும் பல கட்டடங்கள், ஒவ்வொரு கட்டடத்திலும் வரிசையாக ஷட்டர் போட்ட அறைகள். அந்த அறையைத்தான் அங்கே 'கலா' என்பார்கள். வளாகத்தின் பெயரும் 421302 என்ற பின்கோடும் ஒத்துப்போவதால் ஒன்றும் நிரூபணமாகாது, அந்தப் பின்கோடில் ஏராளமான குடோன்கள் இருக்கின்றன. கட்டட எண்ணும் கலா எண்ணும் வேண்டும். எங்களுக்கு வந்த முகவரியில் இரண்டும் இருந்தன. மேப் லொகேஷனில் போய் விழுந்தது வளாகத்தின் மெயின் கேட். வாட்ஸ்அப்பில் எந்த இடத்தின் லொகேஷனையும் யாரும் அனுப்பலாம் என்பதால் அதற்கு நாங்கள் மதிப்பே கொடுக்கவில்லை. லைவ் லொகேஷன் கொஞ்சம் மேல் என்றாலும் போனில் ஜிபிஎஸ்ஸை மாற்றிக் காட்டும் ஆப்கள் இருக்கும்போது அதுவும் சாட்சி ஆகாது.

வீடியோ கால் கேட்டோம். இதில் கேட்கிற விதம்தான் முக்கியம். "குடோனைக் காட்டுங்கள்" என்றால் ஏதாவது ஒரு குடோனைக் காட்டிவிடுவார்கள். நாங்கள் கேட்டது இது: ரோட்டில் நின்று வளாகத்தின் பெயர்ப்பலகையைக் காட்டி, வீடியோ காலைத் துண்டிக்காமல் நடந்து, கட்டட எண், கலா எண், வாசல் பலகை, உள்ளே மூட்டை என்று வர வேண்டும். மூட்டையில் கிரேடு பெயரும் லாட் எண்ணும் அச்சாகியிருக்கும் இடத்தைக் கிட்டே காட்ட வேண்டும். வாசல் பலகையைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 18-இன்படி முதன்மை இடத்திலும் கூடுதல் இடங்கள் ஒவ்வொன்றிலும் நுழைவாயில் பெயர்ப்பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், சான்றிதழும் பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எல்லாரும் ஒழுங்காகச் செய்வதில்லைதான், ஆனால் உண்மையான குடோன்காரர் "பலகை பழசு, எண் போடவில்லை" என்று சொல்லிவிட்டு மற்றதைக் காட்டுவார். நம்மாள் நெட்வொர்க் சரியில்லை என்று ஏற்கெனவே எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினார். அதில் மூட்டைகள் தெரிந்தன, கலா எண் தெரியவில்லை.

இந்த இடத்தில் விட்டிருக்கலாம். ஆனால் விலை நல்ல விலை, ஜிஎஸ்டி பதிவும் சுத்தமாக இருந்தது. அதனால் ஆளை அனுப்பிப் பார்த்தோம். நாமே ரயில் ஏறத் தேவையில்லை. நம் ஊர் லாரி பார்சல் ஆபீஸ்களில் பலவற்றுக்குப் பிவண்டியில் புக்கிங் கிளை உண்டு. அங்கே பேசிப் பையனின் வண்டி பெட்ரோலுக்கும் அவன் நேரத்துக்கும் சேர்த்து ஏதாவது கொடுத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவனிடம் "கம்பெனி இருக்கிறதா" என்று மட்டும் கேட்டு அனுப்பக் கூடாது. நாங்கள் கேட்கச் சொன்னது மூன்று: அந்தக் கலா எண்ணில் இப்போது என்ன சரக்கு இருக்கிறது, பக்கத்துக் கலாக்காரர் இந்தக் கம்பெனியை எவ்வளவு நாளாகத் தெரியும் என்கிறார், நம்மிடம் பேசுகிற செல் நம்பரை அங்கே இருப்பவர் தன்னுடையது என்கிறாரா.

கிளையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, நீங்க சொன்ன கலால துணி பேல் அடுக்கியிருக்கு. அந்தப் பேர்ல கம்பெனி இருக்கு, ஆனா ரெண்டு பில்டிங் தள்ளி. ஓனர்கிட்ட நம்பரைக் காட்டினேன், இது என் நம்பரே இல்லைங்கிறாரு."

கணக்கு விவரமும் அதற்குள் வந்திருந்தது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அதில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தால் வந்தது வேறு ஒரு தனிநபரின் பெயர். ஜிஎஸ்டி பக்கத்தில் உள்ள Legal Name-உம் இல்லை, Trade Name-உம் இல்லை. கேட்டதற்கு "அக்கவுண்டன்ட் கணக்கு" என்றார். தனிநபர் நிறுவனமானால் கணக்கு உரிமையாளர் பெயரிலோ கடைப் பெயரிலோ இருக்க வேண்டும். அண்ணன், மச்சான், அக்கவுண்டன்ட் என்று எந்தப் பெயர் வந்தாலும் நாங்கள் பணம் போடுவதில்லை. ஆக ஒரு நிஜக் கம்பெனியின் எண்ணையும் வளாகத்தையும் எடுத்து, கலா எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தார். சரியான எண்ணைக் கொடுத்தால் போய்க் கேட்கிறவர் நேராக உரிமையாளர் முன்னால் நின்றுவிடுவார் அல்லவா.

கலா எண் பொருந்தாத எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. குடோனே இல்லாமல் இன்னொருவர் சரக்கைத் தன் பில்லில் விற்கும் வியாபாரிகள் இந்தத் தொழிலில் நிறைய. அவர்கள் பில்லில் ஒரு முகவரியும், சரக்கு லாரியில் போகும்போது ஜிஎஸ்டிக்காகப் போடும் இ-வே பில்லில் Dispatch From என்ற இடத்தில் இன்னொரு முகவரியும் வரும். அது முறையானதே. அப்படிப்பட்டவர் "சரக்கு இன்னாருடைய குடோனில் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்வார், அந்தக் குடோன்காரரிடம் பேசவும் விடுவார்.

நிஜ உரிமையாளரிடமே பிறகு வாங்கினோம். அவர் விலை கிலோ 104. வரியோடு 2,45,440 ரூபாய். முன்பணம் கிடையாது, எங்கள் லாரி போய் நிற்கும், ஏற்றியதும் பணம் என்று பேசி முடித்தோம். தொகை 2 லட்சத்துக்கு மேல் இருப்பதால் ஆர்டிஜிஎஸ் போகும். அது இப்போது 24 மணி நேரமும் உண்டு, லாரி வளாகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அவருக்குப் பணம் ஏறிவிடும். அதனால் அவருக்கும் இதில் மறுப்பில்லை. லாரியை நாம் அனுப்புவதுதான் இதில் உயிர்நாடி. விற்பவர் ஏற்பாடு செய்யும் லாரி என்றால், அவர் அனுப்பும் பில்டி, அதாவது லாரி ரசீது, நிஜமா என்று இன்னொரு விசாரணை ஆரம்பிக்க வேண்டும்.

ஏற்றும்போது டிரைவரிடம் 80 மூட்டையை எண்ணச் சொல்லி, வழியில் எடை மேடையில் காலி வண்டி, சுமை வண்டி இரண்டு எடைச் சீட்டும் வாங்கச் சொன்னோம். பணம் போடும் முன் இ-வே பில்லை எங்கள் லாகினிலேயே பார்த்தோம். நம் ஜிஎஸ்டி எண்ணுக்கு மற்றவர்கள் போடும் பில்கள் அங்கே தெரியும். Dispatch From முகவரியும் பின்கோடும் ஏற்றிய குடோனுடையதா, Part B-இல் நம் லாரி எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் போதாது, ஏனென்றால் இ-வே பில்லைப் போட்டவரே 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடியும். ரத்தானாலும் நம்மிடம் இருக்கும் பிடிஎஃப் பழையபடியே இருக்கும். அதனால் லாரி கிளம்பிய மறுநாள் இன்னொரு முறை லாகினில் பார்த்தோம்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாத வகை ஒன்று உண்டு. ஓரிரு மாதத்துக்குக் கலாவை வாடகைக்கு எடுத்து, கொஞ்சம் சரக்கும் அடுக்கி, பலகையும் மாட்டி, வீடியோ காலும் ஒழுங்காகச் செய்துவிட்டு முன்பணத்தோடு காலி செய்கிறவர்கள். அங்கே பக்கத்துக் கலாக்காரரின் "இப்பதான் வந்தாங்க" என்ற பதிலைத் தவிர வேறு தடயம் கிடைக்காது. அப்படிப் பதில் வந்தால் முன்பணம் ஒரு ரூபாய் கூடக் கொடுப்பதில்லை. ஏற்றியதும் பணம் என்பதற்கு அவர் ஒத்துக்கொண்டால் வாங்குவோம்.